அடுத்த மாதத்திற்கு எந்த எண்ணைச் சொல்வது?

“ஹட்டனில் நால்வர் மென்பொருள் செய்கிறோம். கடந்த 8 வாரங்களில் 4, 6, 5, 1, 7, 5, 3, 5 வேலைகள் முடித்தோம். 1 வந்த வாரம் மழையால் மின்சாரம் இல்லை. அடுத்த நான்கு வாரங்களுக்கு 18 என்று சொல்லலாமா?”

வணக்கம். அது சராசரியின் நான்கு மடங்கு என்பதால், அதை எட்டும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல்தான். அந்த எட்டு எண்களையும் விரிதாளில் A1 முதல் A8 வரை இட்டு, கீழுள்ள சூத்திரத்தை நான்கு கட்டங்களில் எழுதிக் கூட்டினால் கற்பனையான ஒரு மாதம் கிடைக்கும்.

```
=INDEX($A$1:$A$8,RANDBETWEEN(1,8))
```

இதையே ஆயிரம் வரிசைகளுக்கு நீட்டினால், பத்தில் ஏறக்குறைய ஒன்பது மாதங்களில் 14 அல்லது அதற்கு மேல் வருவதைக் காண்பீர்கள். வாடிக்கையாளரிடம் நான் அந்த 14ஐயே சொல்வேன். மழை வாரத்தை நீக்கிவிடாதீர்கள், நம் மலையகத்தில் அது மீண்டும் வரும். ஆனால் ஒருவர் விலகினாலோ, வேலைகளை முன்பைவிடப் பெரிதாக வகுத்தாலோ இந்த எண்கள் பொருந்தா.