சபையின் ஆண்டு விழாச் செய்தி: எபெனேசர் கல்லுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: "எங்கள் சபையின் 75-ஆம் ஆண்டு விழாவில் செய்தி கொடுக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது பெருமை பேசுவதாகவோ, பழைய காலத்தையே பாடிக்கொண்டிருப்பதாகவோ ஆகிவிடக் கூடாது. எப்படித் தயாரிப்பது?"

1 சாமுவேல் 7:12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொன்ன அந்த வசனம் ஆண்டு விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி அச்சாவதால், கேட்டுப் புளித்துப்போனதாக உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதைத் தனி வசனமாகப் பிய்த்து எடுக்காமல், 4-ஆம் அதிகாரத்திலிருந்து 8-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் வரை ஒரே வரலாறாக வாசித்துப் பாருங்கள். நீங்கள் அஞ்சுகிற இரண்டு தவறுகளும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கின்றன.

4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்று, ஏறக்குறைய 4,000 பேரை இழக்கிறார்கள். "இன்று கர்த்தர் நம்மை ஏன் முறிய அடித்தார்" என்று மூப்பர் கேட்கிறார்கள். சரியான கேள்விதான். ஆனால் பதிலுக்குக் காத்திராமல், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். யோர்தான் பிளந்தபோதும் எரிகோவின் மதில் விழுந்தபோதும் முன்னே சென்ற அதே பெட்டி அது. அது பாளயத்துக்குள் வந்ததும், பூமி அதிரும் அளவுக்கு ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அடுத்த போரில் 30,000 பேர் விழுகிறார்கள், பெட்டியும் பிடிபடுகிறது. அந்த ஆர்ப்பரிப்பை அவையோர் காதால் கேட்கும்படி நிதானமாகச் சொல்லுங்கள். கர்த்தர் நேற்றுச் செய்ததை இன்றைய வெற்றிக்குப் பிணையாகத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் அங்கே நடந்தது. பழைய காலத்தில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தோல்விக்கு முன் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடத்தின் பெயர் எபெனேசர் என்று 4:1 சொல்கிறது. பின்னர் சாமுவேல் கல் நிறுத்திய இடமும் அதுவும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள். ஆனால் வரிசையாக வாசிக்கிறவர் அந்தப் பெயரை முதலில் தோல்வியோடு சேர்த்துக் கேட்கிறார், பிறகே நன்றியோடு சேர்த்துக் கேட்கிறார்.

நடுவே 20 வருஷங்கள் செல்கின்றன. மிஸ்பாவிலே ஜனங்கள் கூடி, தண்ணீர் மொண்டு ஊற்றி, உபவாசித்து, "கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தோம்" என்று அறிக்கையிடுகிறார்கள். பெலிஸ்தர் வருகிறார்கள் என்று கேட்டதும் பயப்படுகிறார்கள். கர்த்தர் இடிமுழக்கத்தால் சத்துருக்களைக் கலங்கடிக்கிறார். ஓடுகிறவர்களைத் துரத்துவது மட்டுமே இஸ்ரவேலருடைய பங்கு. அதன் பிறகே கல் நிற்கிறது. அதில் சாமுவேலின் பெயர் இல்லை, எந்தக் கோத்திரத்தின் பெயரும் இல்லை. எபெனேசர் என்றால் உதவியின் கல் என்றே பொருள்; அவர்கள் உதவி பெற்றவர்கள் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நான் முதன்முதலில் ஒரு சபையின் 50-ஆம் ஆண்டு விழாவில் பேசியபோது இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. விழா மலரை வைத்துக்கொண்டு அஸ்திபாரம், கோபுரம், மணி, ஊழியம் செய்த போதகர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, அந்தச் சபைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு சகோதரி என்னிடம், "ஐயா, கேட்க நல்லா இருந்துச்சு. ஆனா நாங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சுபோல" என்றார். குறை சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, வருத்தத்தோடு சொன்னார். இன்றும் அந்த வார்த்தை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அன்று இரவு என் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லின் கீழே கோடு போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வாக்கியமும் "கர்த்தருடைய கிருபையால்" என்று தொடங்கி, "கட்டினோம்", "வளர்ந்தோம்", "முன்னேறினோம்" என்று முடிந்திருந்தது. தொடக்கத்தில் கர்த்தருடைய பெயர் இருந்தாலும், செயல் முழுவதும் எங்களுடையதாக இருந்தது. லூக்கா 18-இல் பரிசேயன் செய்த ஜெபமும் இப்படிப்பட்டதே. "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் அவனும் சொல்கிறான். ஆனால் எதற்காக ஸ்தோத்திரிக்கிறான் என்று பார்த்தால், தான் மற்றவர்களைப்போல இல்லாததற்காக. ஆகவே நன்றி என்ற சொல் இருப்பதாலேயே ஒரு வாக்கியம் நன்றியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துத் திருத்திக் காட்டுகிறேன். "கர்த்தருடைய கிருபையால் நம் முன்னோர் தங்கள் கடின உழைப்பினால் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள்" என்று நான் எழுதியிருந்தேன். பிறகு அந்தச் சபையின் பழைய கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் படித்தபோது, பணம் போதாமல் கூரையில்லாத சுவர்கள் இரண்டு மழைக்காலம் நனைந்து நின்றதும், அந்தக் காலம் முழுவதும் ஆராதனை ஒரு வீட்டுத் திண்ணையில் தவறாமல் நடந்ததும் தெரியவந்தது. மறுபடி பேச வேண்டியிருந்தால் நான் இப்படிச் சொல்வேன்: "கூரை போட வழியில்லாமல் சுவர்கள் இரண்டு மழைக்காலம் நனைந்து நின்றன, அப்போதும் இந்தச் சபையைக் கர்த்தர் கலைந்துபோக விடவில்லை." உழைத்தவர்களை இந்த வாக்கியம் மறைக்கவில்லை. மழையில் திண்ணைக்கு வந்து சேர்ந்தவர்கள் அதற்குள்ளே இருக்கிறார்கள். மனிதருடைய பிரயாசத்தை இல்லையென்று சொல்வதும் உண்மைக்கு மாறானது. 1 கொரிந்தியர் 15:10-இல் பவுல், மற்ற எல்லாரிலும் தான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகத் தயங்காமல் சொல்லிவிட்டு, அது தானல்ல, தன்னோடிருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது என்கிறார். அந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் போதும்.

எனவே விழா மலரோடு நிறுத்திவிடாமல், கூட்டக் குறிப்பேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மலரில் வெற்றிகள் மட்டும் இருக்கும். குறிப்பேட்டில்தான் ஒத்திவைத்த தீர்மானங்களும் திரும்பி வராத கடன்களும் இருக்கும். மூன்று நிகழ்ச்சிகள் போதும். அவற்றுள் ஒன்றாவது சபை மெலிந்திருந்த காலத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். பெயர்ப் பட்டியலைச் செய்தியில் வாசிக்க வேண்டாம். ஒருவர் பெயர் விடுபட்டாலும் ஒரு குடும்பம் காயப்படும். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலே அதற்குரிய இடம்.

கடினமான பகுதி, மிஸ்பாவின் அறிக்கை. விழா நாளில் பாவ அறிக்கையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கல்லுக்கு முன்னே அது இருப்பதால், அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. போதகரிடமும் மூப்பர்களிடமும் முன்கூட்டியே பேசிவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். பெயரும் ஆண்டும் வேண்டாம். இன்னும் ஆறாத வழக்குகளைத் தொட வேண்டாம். "நம்மைத் தேடி வந்து, நாம் கவனியாததால் திரும்பிப்போனவர்கள் உண்டு" என்பது போன்ற வாக்கியம் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். எழுதிய பின் ஒரு சோதனை செய்யுங்கள்: அதைக் கேட்கும்போது ஒரு பக்கத்தில் இருப்பவர்கள் மறுபக்கத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றால், அது அறிக்கையாக இல்லாமல் குற்றச்சாட்டாகிவிட்டது, திருத்தி எழுதுங்கள்.

அடுத்து, நம் மொழியில் உள்ள ஒரு நுட்பம். வசனத்தில் "எங்களுக்கு" என்று இருக்கிறது. கர்த்தரைக் குறித்துச் சாட்சி சொல்கிறபோது அது பொருத்தமானது. ஆனால் பிரசங்கியார் சபையைப் பார்த்து "எங்களுக்கு உதவி செய்தார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கடந்த ஆண்டு வந்து சேர்ந்தவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறார். வசனத்தை உள்ளபடியே வாசியுங்கள். விளக்கத்தில் "நமக்கு" என்று மாற்றிக்கொள்ளுங்கள். "இம்மட்டும்" என்ற சொல்லையும் சற்று நின்று விளக்கலாம். மட்டு என்றால் எல்லை. இந்த இடம் வரைக்கும், இந்த நேரம் வரைக்கும் என்று இரண்டு பொருளையும் அது தருகிறது. வந்த தூரத்தை அது அளந்து காட்டுகிறதே தவிர, பயணம் முடிந்தது என்று சொல்லவில்லை.

முடிவுப் பகுதியில் பெரும்பாலோர் சறுக்குவது, எதிர்காலம் என்றவுடன் புதிய கட்டடத் திட்டத்துக்குத் தாவுவதால். நன்றி சொன்ன கையோடு காணிக்கை கேட்டால், அதுவரை சொன்னதெல்லாம் அதற்கான முன்னுரையாகவே கேட்பவர்களுக்குப் படும். அந்த அறிவிப்பை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கும்படி குழுவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேதபாகமே உங்களுக்கு முடிவைத் தருகிறது. 8-ஆம் அதிகாரத்தில் சாமுவேலின் குமாரர் பரிதானம் வாங்குகிறார்கள். ஜனங்கள் மற்ற ஜாதிகளைப்போலத் தங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். கல் நின்றிருந்ததால் அடுத்த தலைமுறை தானாக நிலைத்துவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, 7-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களுக்குத் திரும்புங்கள். கல்லை நிறுத்திய பிறகு சாமுவேல் வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா ஆகிய ஊர்களைச் சுற்றிப் போய் ஜனங்களை நியாயம் விசாரித்து, ராமாவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். வெற்றி பெற்ற பகுதிக்கு அவர் மறுபடி மறுபடி போகிறார்; போவது வேலைக்காக.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு சபையின் ஆண்டு விழாவில் நான் இந்த இடத்தோடு செய்தியை முடித்தேன். மொத்தம் 25 நிமிடம். அதில் சபை வரலாற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. படுக்கையில் இருப்பதால் விழாவுக்கு வர முடியாத மூன்று பேரைப் பார்க்க வரும் வாரத்தில் யார் யார் போகிறார்கள் என்று கேட்டேன். பிறகு, அந்த ஆண்டில்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஓர் இளைஞரை முன்னே அழைத்து, 7:12-ஐ இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு" என்று அவர் வாசித்தபோது, முன்வரிசையிலிருந்த முதியவர்கள் சிலர் மெல்லத் தாங்களும் சேர்ந்து சொன்னார்கள்.