நான்கு முறை வந்த 1449

"பாக்கெட் வழியில தொலைஞ்சாலும் ஃபைல் ஒரு எழுத்துகூடப் பிசகாம வந்து சேருதே, டிசிபி அதை எப்படிங்க பண்ணுது?"

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கும் சேலத்தில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கும் நடுவே ஓடும் வயர்லெஸ் லிங்க் என் பொறுப்பு. தினமும் சாயங்காலம் கணக்கு ஃபைல் மலையிலிருந்து கீழே இறங்கும். ஒரு மழைக்காலத்தில் அது ஆமை வேகத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஒருநாளும் ஃபைல் கெட்டு வந்ததில்லை.

இரண்டு மெஷின்கள் டேட்டாவை ஒழுங்காக அனுப்பி வாங்கப் பின்பற்றும் விதிமுறைதான் டிசிபி. முதலில் இணைப்பு. மேலே இருக்கும் மெஷின் "என் எண் 4000-ல் தொடங்குது" என்று, இணைப்பு கேட்கும் சின் பாக்கெட் ஒன்றை அனுப்பும். "சரி, அடுத்து 4001 வரட்டும். என் எண் 9000" என்று கீழிருந்து பதில். "சரி, 9001 வரட்டும்" என்று மேலிருந்து மூன்றாவது. (நிஜத்தில் ஊகிக்க முடியாத பெரிய எண்கள்.) தான் சொன்ன எண் எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு பேருக்குமே தெரிய வேண்டும், அதனால்தான் மூன்று. சின்னே தொலைந்தால் ஒரு விநாடி பொறுத்து மறுபடி போகும், பிறகு வழக்கமாக இரண்டு, நான்கு என்று இடைவெளி இரட்டிக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு எண் உண்டு. அன்றைக்கு மேல் மெஷினில், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் `tcpdump` போட்டுப் பார்த்தேன். அது எண்களை 1-லிருந்து காட்டும். 1448 பைட் வீதம் ஐந்து துண்டுகள் போயின. கீழிருந்து வந்த பதில்களில் தேவையானதை மட்டும் தருகிறேன்:

```
ack 1449
ack 1449
ack 1449
ack 1449
ack 7241
```

ஆக் என்பது வந்து சேர்ந்ததைச் சொல்லும் பதில். அதிலிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் "இதுக்கு முன்னாடி எல்லாம் வந்தாச்சு, அடுத்து இந்த பைட் வேணும்" என்பதுதான். முதல் துண்டுக்கு 1449 வந்தது. இரண்டாவது தொலைந்துவிட்டது. மூன்று, நான்கு, ஐந்து கீழே போய்ச் சேர்ந்தும், சேலம் மெஷின் அவற்றை பஃபரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "எனக்கு 1449 வேணும்" என்றே பதில் சொன்னது. புரோகிராமுக்கு அந்த மூன்றையும் கொடுக்கவில்லை. வரிசை காப்பது அப்படித்தான். ஒரே ஆக் மூன்று முறை திரும்ப வந்ததும், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வைக்கும் டைமருக்குக் காத்திராமல் மேல் மெஷின் இரண்டாவது துண்டை மட்டும் மறுபடி அனுப்பியது. ஓட்டை அடைபட்டதும் பதில் ஒரே தாவாக 7241.

கடைசித் துண்டு தொலைந்தால்தான் வம்பு. அதற்குப் பின்னால் எதுவும் வராததால் திரும்பச் சொல்ல ஆள் இல்லை. டைமர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். (புது லினக்ஸ் அதற்கு முன்பே ஒருமுறை தட்டிப் பார்க்கும்.) இன்னொன்று: ஆக் வந்தால் எதிர் மெஷினுக்குச் சேர்ந்தது என்று மட்டுமே அர்த்தம். அங்கே புரோகிராம் அதைப் படித்ததா, டிஸ்க்கில் எழுதியதா என்பது டிசிபிக்குத் தெரியாது.

உங்கள் லிங்க்கில் தொலைகிறதா என்று பார்க்க, அனுப்பும் லினக்ஸ் மெஷினில் `ss -ti` போதும். எங்களுக்கு `retrans:0/37` என்று காட்டியது. இரண்டாவது எண், அந்த இணைப்பில் அதுவரை மறுபடி அனுப்பியவை. கூரையேறிப் பார்த்தால் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே சில்வர் ஓக் கிளை ஒன்று நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. வெட்டிய பிறகு அந்த எண் ஏறவே இல்லை.