கேம் ஆடிவிட்டுப் படுத்தால் ஏன் தூக்கம் வருவதில்லை?

கோத்தகிரியில் இருக்கிறேன். ராத்திரி 11.30 வரை கேம் ஆடிவிட்டுப் படுத்தால் 1 மணி வரை தூக்கமில்லை. பாதம் வேறு ஐஸாக இருக்கிறது. என்ன செய்வது?

படுத்ததிலிருந்து கண் அயரும்வரை ஆகும் நேரத்தைத் தூக்கத் தாமதம் என்பார்கள். பலருக்கு அது 10 முதல் 20 நிமிடம். அதை நீட்டுவதில் உங்கள் பாதத்துக்கும் பங்கு உண்டு.

தூக்கம் வர உடம்பின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். கை கால் ரத்தக்குழாய்கள் விரிந்து அந்தச் சூட்டை வெளியேற்றும். விறுவிறுப்பான ஆட்டத்தில் சுரக்கும் அட்ரினலின் அவற்றைச் சுருக்கிவிடுகிறது. மலைக்குளிரும் அதையேதான் செய்கிறது. அதனால் பாதம் சில்லிட, சூடு உள்ளேயே தங்குகிறது. குன்னூர் மலைப்பாதையில் இறங்கி வந்த லாரியை நிறுத்தினாலும் பிரேக் உடனே ஆறாது. ஆட்டம் முடிந்த மூளையும் அப்படித்தான்.

11.30-க்குத் தூங்க வேண்டுமானால் 10 மணிக்கு மேல் புது மேட்ச் தொடங்காதீர்கள். ஒரு மேட்சே அரை மணி இழுக்கும், தோற்றால் 'இன்னும் ஒன்று' என்று கை பரபரக்கும் (எனக்கும்தான்). 10.45-க்குப் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாளியில் 10 நிமிடம் கால் வையுங்கள். துடைத்து சாக்ஸ் போடுங்கள். பாதம் கதகதவென்று ஆனால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இது வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். குளிர்காய மூடிய அறையில் கரி அடுப்பு யாருக்குமே கூடாது, புகை தெரியாவிட்டாலும் அதன் நச்சு வாயு உயிரைக் குடிக்கும்.

போனில் நைட் மோட் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது திரையின் நீல ஒளியைத்தான் குறைக்கும், ஆட்டத்தின் படபடப்பை அல்ல.