வண்டியில் மாட்டும் போனும் உச்சி வெயிலும்

"அண்ணா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். காலை 11 மணிக்கு ஆன்லைன் வந்தால் ராத்திரி 11 ஆகும். ஸ்கூட்டர் சார்ஜரில் மாட்டியே ஓட்டினாலும் மதியத்தில் சார்ஜ் இறங்குகிறது, ஸ்கிரீன் மங்குகிறது, இரண்டு தடவை தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. இன்னொரு சிம்மில் கால் வந்தால் மேப் நின்றுவிடுகிறது. 15,000 ரூபாய்க்குள் புதுசு வாங்கப் போகிறேன். 5000 எம்ஏஎச் போதுமா? கண்ணாடிக் கம்பியில் மாட்டும் ஹோல்டரால் போனுக்கு ஏதாவது ஆகுமா?"

சார்ஜரும் ஒயரும் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும், தம்பி. போன்தான் சார்ஜ் வாங்க மறுக்கிறது. பேட்டரியின் சூடு 45 டிகிரியை ஒட்டி ஏறினால் பெரும்பாலான போன்கள் சார்ஜ் ஏறுவதைக் குறைத்துவிடும், அல்லது அடியோடு நிறுத்திவிடும். மின்னல் படம் திரையில் இருக்கும், சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அதற்கு முன்பே திரை வெளிச்சத்தைக் குறைத்திருக்கும். அப்புறமும் சூடு ஏறினால் வேகத்தைக் குறைக்கும், கடைசியில் ஆஃப் ஆகும். இந்த வரிசையில் நடந்தால் அது சூடுதான், ரிப்பேர் இல்லை. பேட்டரி வெப்பநிலையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு மதியம் ஓட்டிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. மேப், ஆர்டர் செயலி, டேட்டா எல்லாம் சேர்ந்து ஓடும்போது போன் தானாக உண்டாக்கும் சூடு இரண்டு மூன்று வாட்தான். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு போனின் பரப்புக்கு அதைப் பங்கு போட்டால் 12 வாட் வரும். திரை கறுப்புக் கண்ணாடி, அதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். போன் தன் வேலையால் சூடாவதைப் போல நாலு மடங்கை வெயில் ஏற்றுகிறது. அதன்மேல் சார்ஜும் போட்டால் பேட்டரிக்குள் இருந்தும் சூடு கிளம்பும்.

வண்டி ஓடும்போது காற்று இந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றால்தான் வினை. ஓட்டல் வாசலில் வெயிலில் வண்டியை நிறுத்தி, போனை ஹோல்டரிலேயே விட்டுவிட்டு, பார்சலுக்காக உள்ளே பத்து நிமிடம் நிற்கிறீர்கள் அல்லவா, அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் சேதம் ஒரு மணி நேரம் ஓட்டியதைவிட அதிகம். இறங்கும்போது போனைக் கையோடு எடுத்துப் போங்கள். நிழலில் ஆறட்டும். ஒரு பையன் ஜூஸ் கடை ஐஸ் பெட்டி மேல் வைத்து ஆற வைத்தான். போன் ஜில்லென்று ஆனது உண்மைதான், ஆனால் கேமராக் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் பூத்து என் கடைக்கு வந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். போனைத் திடீரென்று குளிர வைத்தால் உள்ளே வியர்க்கும்.

மழைக்காக விற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பவுச்சை வெயில் காலத்தில் மாட்டவே மாட்டாதீர்கள். வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது, காற்றும் படாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் வெளியே எடுங்கள்.

சரி, இப்போது பேட்டரி. வண்டியில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வராத அளவுக்குப் பெரிய பேட்டரி வாங்குவதுதான் என் கணக்கு. உங்கள் 12 மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பகல் வெயிலில் முழு வெளிச்சத்தில் மேப் ஓடுவது நாலு மணி நேரம் என்று வையுங்கள். என் கடைக்கு வரும் பையன்களின் போன்களில் நான் பார்த்தவரை, புதிய 5000 எம்ஏஎச் பேட்டரியில் அப்போது மணிக்கு 12 சதவீதம் போல இறங்குகிறது. அது 48. பொழுது சாய்ந்தபின் வெளிச்சம் குறைவு, அதனால் நாலு மணி நேரத்துக்கு எட்டெட்டாக 32. மீதி நாலு மணி ஆர்டருக்குக் காத்திருப்பது, செயலி பின்னால் ஓடும், மணிக்கு நாலு வீதம் 16. மொத்தம் 96. புதுசாக இருக்கும்போது ராத்திரி 11 மணி வரை இழுத்துப் பிடித்து வந்து சேரும். ஒரு வருடம் வெயிலில் அடிபட்டுப் பேட்டரி பத்துப் பதினைந்து சதவீதம் தேய்ந்தால் 10 மணி வாக்கிலேயே அணைந்துவிடும், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டு ஆர்டர் இன்னும் முடியாத நேரத்தில். இதே செலவு 7000 எம்ஏஎச் பேட்டரியில் 69 சதவீதம்தான். தேய்ந்த பிறகும் தாங்கும். 15,000 ரூபாய்க்குள் இப்போது 6500, 7000 எம்ஏஎச் போன்கள் கிடைக்கின்றன, அதற்குக் கீழே போகாதீர்கள். மாடல் பெயர் சொல்லவில்லை, ஆறு மாதத்தில் அது மாறிவிடும்.

அப்படியும் நடுவில் ஏற்ற வேண்டியிருந்தால் மதிய ஆர்டர் ஓய்ந்ததும், மூன்றரை மணி வாக்கில், நிழலில் உட்கார்ந்து ஏற்றுங்கள். போன் தொடும்போது சுட்டால் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, உறையைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். 80 வந்ததும் எடுத்துவிடுங்கள். சூடான பேட்டரியை 100 வரை நிறைத்து வைப்பது அதற்கு ஆகாது. ஸ்கூட்டர் சார்ஜர் சாயங்காலத்துக்கு மேல் பயன்படட்டும்.

திரையைப் பற்றி ஒன்றே ஒன்று. அட்டையில் "பீக்" என்று பெரிதாகப் போட்டிருக்கும் நிட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள், அது திரையின் ஒரு மூலை கொஞ்ச நேரம் எட்டும் வெளிச்சம். வெயிலில் திரை முழுவதும் எவ்வளவு என்பதை எச்பிஎம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அது 800க்கு மேல் இருந்தால் நல்லது. கடை விளக்கொளியில் எல்லாத் திரையும் அழகுதான். லாரன்ஸ் ரோட்டுக் கடையில் வாங்கினால் வாசலுக்கு எடுத்துப் போய், மேப்பைத் திறந்து, பத்து நிமிடம் வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். முதல் நிமிடத்து வெளிச்சம் பத்தாவது நிமிடத்திலும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் முகம் கோணும், பரவாயில்லை.

ஹோல்டர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கேமராவில் ஓஐஎஸ் இருக்கும் போன்களில் லென்ஸ் காந்தத்தின் பிடியில் மிதந்துகொண்டிருக்கும். கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இன்ஜின் அதிர்வு தினமும் மணிக்கணக்கில் ஏறினால் அந்த அமைப்பு பழுதாகலாம். 2021இல் ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன்களுக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. ஸ்கூட்டரில் அதிர்வு குறைவு என்றாலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரில்தான் மாட்டச் சொன்னது. பழுதானால் எப்படித் தெரியும்? போனை மேசையில் அசையாமல் வைத்துக் கேமராவைத் திறந்தால் படம் தண்ணீரில் தெரிவதுபோல் நெளியும், பார்சலைப் படம் எடுத்தால் மங்கும். கேமரா அணைந்திருக்கும்போது குலுக்கினால் டக்டக்கென்று கேட்பது சகஜம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். என்னைக் கேட்டால், வண்டியில் மாட்டும் போனுக்கு ஓஐஎஸ் இல்லாததே மேல். கடைக்காரர் அதைக் குறையாகச் சொல்வார், உங்களுக்கு அது லாபம்.

கண்ணாடிக் கம்பியில் மாட்டுவது தவறில்லை. கம்பி எவ்வளவு நீளமாக மேலே போகிறதோ அவ்வளவு ஆட்டம் கூடும், அதனால் கிளாம்பைக் கம்பியின் அடியோடு ஒட்டிப் போடுங்கள். நாலு மூலையிலும் பிடிக்கும் உலோக நகம் போன்ற ஹோல்டர் வாங்குங்கள். பின்பக்கம் திறந்திருப்பதால் காற்றும் படும். பெரிய பேட்டரி போன் 200 கிராமுக்கு மேல் எடை இருக்கும், வெறும் ஸ்பிரிங் பிடி வேகத்தடையில் கழன்றுவிடும். வாரம் ஒரு தடவை திருகை முடுக்கிப் பாருங்கள். அப்புறம், ஹோல்டரின் நகம் பவர் பட்டனில் உட்கார்கிறதா என்று வாங்கும் முன்பே வைத்துப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டன் ஐந்து தடவை தொடர்ந்து அழுந்தினால் அவசர அழைப்பு கிளம்பிவிடும். பள்ளத்தில் குலுங்கியே அதைக் கிளப்பிய போன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு சிம் விஷயத்தில் உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை. டேட்டா ஓடும் சிம் ஒன்று, கால் வந்த சிம் இன்னொன்று என்றால், பேசும் நேரத்தில் முதல் சிம்மின் டேட்டா பல போன்களில் நின்றுவிடும். சிம் அமைப்புகளில் அழைப்பின்போது டேட்டாவை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள், இரண்டு சிம்மிலும் வோல்ட்டியும் ஆனில் இருக்கட்டும். பேசும் சிம்மின் வழியாக டேட்டா ஓடும் என்பதால் அந்த சிம்மிலும் டேட்டா பேக் இருக்க வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம். புதுப் போன் எடுக்கும்போது இரண்டு சிம்மையும் கடையிலேயே போட்டு, மேப் ஓடவிட்டு, நண்பரைக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். இசிம்மை நம்பி வாங்காதீர்கள். போன் நடுவழியில் உடைந்தால் சாதா சிம்மை ஒரு நிமிடத்தில் வேறு போனுக்கு மாற்றி அடுத்த ஆர்டரை எடுக்கலாம்.

அதற்குப் பழைய போனை டிக்கியில் போட்டு வைக்கலாமா என்று கேட்பீர்கள். முதலில் அதை ஒரு கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம்போல் சுழன்றாலோ, பின்மூடி ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிலையில் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், சர்வீஸ் கடையில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். தட்டையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், டிக்கியில் மட்டும் வேண்டாம். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். தோளில் மாட்டும் பையில் வையுங்கள்.