டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான்: 1% வித்தியாசம் 20 ஆண்டில் எவ்வளவு?

கேள்வி: இரண்டு வருடமாக முகவர் மூலம் ஒரு ஃபிளெக்ஸி கேப் ஃபண்டில் மாதம் ரூ.10,000 எஸ்.ஐ.பி. போட்டு வருகிறேன். என்னுடைய ரெகுலர் பிளானுக்குச் செலவு விகிதம் 1.75%. அதே ஃபண்டை முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானுக்கு 0.75%. "ஒரு சதவீதம்தானே, மார்க்கெட் ஒரே நாளில் அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது" என்கிறார் முகவர். 20 வருடம் போட்டால் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? இப்போது மாறலாமா?

பதில்: மார்க்கெட் ஏற்ற இறக்கம் இரண்டு பிளானையும் ஒரே அளவில்தான் பாதிக்கும். பங்குகளும் ஒன்று, ஃபண்ட் மேனேஜரும் ஒருவர். அந்த 1% மட்டும் ஏறுவதே இல்லை, ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவது சரியல்ல.

ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் எடுக்கும் செலவுதான் செலவு விகிதம், அதற்குத் தனியாக பில் வராது. ஆண்டு விகிதத்தை 365 ஆல் வகுத்து, ஃபண்டின் அன்றைய மொத்த மதிப்பிலிருந்து தினமும் கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யை அறிவிக்கிறார்கள். உங்கள் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் ரெகுலரில் நாளொன்றுக்கு ரூ.4.79 போகும், டைரக்ட்டில் ரூ.2.05 போகும். இடையில் உள்ள ரூ.2.74இல் பெரும்பகுதி முகவருக்குப் போகும் கமிஷன். முதலீடு இருக்கும் வரை ஆண்டுதோறும் இது தொடரும். கழிப்பது நீங்கள் போட்ட பணத்தின் மீதல்ல, வளர்ந்து நிற்கும் மதிப்பின் மீது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கணக்கு 50 லட்சமானால் அதே வித்தியாசம் நாளுக்கு ரூ.137 ஆகிவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். செலவைக் கழிப்பதற்கு முன் பங்குகள் ஆண்டுக்கு 12% வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இது உத்தரவாதம் அல்ல, கணக்குக்கான ஓர் அனுமானம். இன்று புதிதாகத் தொடங்கி மாதம் ரூ.10,000 வீதம் 20 ஆண்டு போட்டால் உங்கள் கையிலிருந்து போவது 24 லட்சம். டைரக்ட்டில் அது சுமார் ரூ.83.2 லட்சமாகும், ரெகுலரில் சுமார் ரூ.72.9 லட்சமாகும். வித்தியாசம் ரூ.10.3 லட்சம். நீங்கள் போட்ட மொத்தப் பணத்தில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

இதே கணக்கைப் பத்தாம் ஆண்டு முடிவில் நிறுத்திப் பாருங்கள். டைரக்ட் ரூ.21.4 லட்சம், ரெகுலர் ரூ.20.2 லட்சம். வித்தியாசம் ரூ.1.2 லட்சம்தான். மீதி 9 லட்சமும் இரண்டாவது பத்தாண்டில்தான் உருவாகிறது. "நாலைந்து வருடமாகப் பார்க்கிறேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்று பலர் சொல்வது இதனால்தான்.

12% வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மொத்தமாக ஒரே தடவை போட்ட பணத்துக்கு விடை எளிது: ஆண்டுக்கு 1% செலவு வித்தியாசம் 20 ஆண்டில் இறுதித் தொகையில் சுமார் 18% குறைக்கும். மார்க்கெட் 6% தந்தாலும் 15% தந்தாலும் இந்த 18% மாறாது. ரூபாய்க் கணக்குதான் மாறும். எஸ்.ஐ.பி.யில் கடைசித் தவணைகள் கொஞ்ச காலமே ஃபண்டில் இருப்பதால் இழப்பு குறைகிறது. உங்கள் உதாரணத்தில் அது சுமார் 12%.

இன்று இணையதளத்தில் தெரியும் செலவு விகிதத்தை மட்டும் வைத்து 20 ஆண்டுக்குக் கணக்குப் போடக் கூடாது. அது அவ்வப்போது மாறும், இரண்டு பிளானுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் மாறும். கடந்த காலத்தில் உண்மையில் எவ்வளவு போனது என்பதை என்.ஏ.வி.யே சொல்லிவிடும். உதாரணமாக ஐந்து ஆண்டுக்கு முன் டைரக்ட் என்.ஏ.வி. 43, ரெகுலர் 40 என்றால் விகிதம் 1.075. இன்று 90.4, 80 என்றால் விகிதம் 1.13. 1.13ஐ 1.075ஆல் வகுத்தால் 1.051, அதாவது ஐந்து ஆண்டில் 5.1%, ஆண்டுக்கு ஏறத்தாழ 1%. இரண்டு பக்கமும் லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே விடும் குரோத் ஆப்ஷனையே எடுங்கள். டிவிடெண்ட் தரும் ஆப்ஷனை எடுத்தால் கணக்குத் தப்பும்.

பலர் தவறும் இடம் இன்னொன்று உண்டு. டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1 முதல்தான் இருக்கிறது. பழைய ஃபண்டுகளின் ரெகுலர் பிளான் அதற்கும் பல ஆண்டு முந்தியது. ஆகவே "தொடக்கத்திலிருந்து" என்று போட்டிருக்கும் இரண்டு வருமானங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரெகுலர்தான் நல்லது என்றுகூடத் தோன்றலாம். ஒரே தேதியிலிருந்து ஒரே தேதி வரை ஒப்பிடுங்கள். டைரக்ட்டின் என்.ஏ.வி. உயர்ந்திருப்பதைப் பார்த்து விலை அதிகம் என்று நினைப்பதும் தவறு. செலவு குறைவாகக் கழிந்ததால்தான் அது உயர்ந்திருக்கிறது.

உங்கள் முகவர் சும்மா இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் அவருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். அந்தத் தொகையை எடுத்துப் பாருங்கள். மார்க்கெட் விழும்போது விற்காமல் உங்களைத் தடுப்பது, நாமினி, கேஒய்சி வேலைகளைப் பார்ப்பது போன்ற சேவைக்கு அது தகும் என்று பட்டால் தொடரலாம். ஃபண்டை நீங்களே தேர்ந்தெடுத்து, அவர் படிவத்தை மட்டும் நிரப்பியிருந்தால், ஆண்டுக்கு ஆண்டு வளரும் அந்தத் தொகைக்கு நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

மாறுவதென்றால் புதிய எஸ்.ஐ.பி.யை முதலில் டைரக்ட்டில் தொடங்குங்கள். இதற்கு வரி எதுவும் இல்லை. பழைய யூனிட்டுகளைச் சற்று நிதானமாக நகர்த்த வேண்டும். ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்கு ஸ்விட்ச் செய்வது வருமான வரிக் கணக்கில் விற்றுவிட்டு மறுபடி வாங்குவதுதான். ஓராண்டு முடியாத யூனிட்டுகளின் லாபத்துக்கு 20% வரி உண்டு. பல ஈக்விட்டி ஃபண்டுகளில் அவற்றுக்கு வெளியேறும் கட்டணமும் இருக்கும். ஓராண்டு தாண்டியவற்றின் லாபத்தில், உங்கள் மற்ற பங்குகள், ஈக்விட்டி ஃபண்டுகளையும் சேர்த்து, ஒரு நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%.

உங்களுக்கு இது சாதகமான நேரம். இதுவரை போட்டது 2.4 லட்சம்தான், லாபம் அந்த வரம்பைத் தொட வாய்ப்பில்லை. அறிக்கையில் ஓராண்டு தாண்டிய தவணைகளின் யூனிட்டுகளைக் கூட்டி, அந்த எண்ணிக்கையை மட்டும் ஸ்விட்ச் படிவத்தில் எழுதுங்கள். முதலில் வாங்கியதே முதலில் போகும் என்பதால் புதியவை தொடப்படாது. மீதியை அவை ஓராண்டு முடிக்கும்போது நகர்த்தலாம். முகவர் எண் கட்டத்தில் பழைய ஏ.ஆர்.என். தானாக வந்து நின்றால் அழித்துவிடுங்கள்.

ஸ்விட்ச் செய்தால் பழைய எஸ்.ஐ.பி. தானாக நிற்காது. அதைத் தனியாக ரத்து செய்யாவிட்டால், அடுத்த மாதம் இரண்டு பிளானுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகும். தவணைத் தேதிக்குச் சில வேலைநாள் முன்பே ரத்துக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு, அடுத்த அறிக்கையில் ஃபண்டின் பெயரோடு "Direct" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.