25,000 ரூபாய் போனஸுக்கு 26,000 ரூபாய் வரியா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் ஆண்டுச் சம்பளம் சரியாக 12,75,000 ரூபாய். புதிய வரி முறையில் இருப்பதால் இந்த ஆண்டு (2025-26) ஒரு ரூபாய்கூட வரி வராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இப்போது மார்ச் மாதம் 25,000 ரூபாய் போனஸ் தரப்போவதாகச் சொல்கிறார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் மொத்தமாக அறுபதாயிரத்துக்கு மேல் வரி கட்ட வேண்டும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். போனஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். நண்பர் சொல்லும் அறுபதாயிரம் உங்களுக்கு வராது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு சின்ன இடி இருக்கிறது, அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000 ரூபாய். ஆக 12 லட்சத்துக்கு வரி 60,000 ரூபாய் விழத்தான் செய்கிறது. 87ஏ பிரிவின் கீழ் கிடைக்கும் தள்ளுபடி அந்த 60,000-ஐ அப்படியே அடித்துவிடுவதால்தான் உங்களுக்குப் பூஜ்யம். பலரும் '12 லட்சம் வரை வரியே கிடையாது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரி இருக்கிறது, தள்ளுபடி ஆகிறது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் எல்லையைத் தாண்டும்போது இவ்வளவு பயம்.

தள்ளுபடி 12 லட்சத்தோடு சட்டென்று நின்றால் என்ன ஆகும்? வருமானம் பத்து ரூபாய் கூடினால், வரியின் மேல் 4 சதவீதமாக விழும் செஸ்ஸோடு சேர்த்து 62,400 ரூபாய் கட்ட வேண்டிவரும். இதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப். எல்லை 7 லட்சமாக இருந்த 2023-இல், பட்ஜெட் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறும் கட்டத்தில் இந்தச் சலுகையைச் சேர்த்தார்கள். பழைய வரி முறையில் 5 லட்ச ரூபாய் எல்லைக்கு இப்படி ஒரு காப்பு இன்றுவரை கிடையாது. அங்கே எல்லையைப் பத்து ரூபாய் தாண்டினாலும் 13,000 ரூபாய் போய்விடும்.

காப்பு செயல்படும் விதம் எளிது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாக வந்ததோ, வரி அதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. போனஸோடு உங்கள் வருமானம் 12,25,000. அட்டவணைப்படி வரி 60,000-உம், மேலே உள்ள 25,000-க்கு 15 சதவீதமாக 3,750-உம் சேர்த்து 63,750. கூடுதல் வருமானமோ 25,000 மட்டும். எனவே மிச்சமுள்ள 38,750 தள்ளுபடி. உங்கள் வரி 25,000-இல் நிற்கும்.

இங்கேதான் அந்த இடி. தள்ளுபடிக்குப் பிறகு நிற்கும் வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் உண்டு. 25,000-க்கு 1,000 ரூபாய். மொத்தம் 26,000. போனஸாக வந்ததைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாகக் கட்டுகிறீர்கள்! 'எல்லையைத் தாண்டியவர் கையில் குறையாது' என்ற வாக்குறுதி வருமான வரிக்குப் பொருந்துகிறது, செஸ்ஸுக்குப் பொருந்தவில்லை. இந்தப் பகுதியில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் உங்களிடமிருந்து நாலு பைசாவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. ஏன் இப்படி விட்டுவைத்தார்கள் என்று எனக்கும் வருத்தம்தான்.

இந்தப் பகுதி எங்கே முடிகிறது? வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,590 ஆகும்போது அட்டவணை வரியும் கூடுதல் வருமானமும் சமமாகிவிடும், ரிலீஃப் அங்கே தீர்ந்துவிடும். அந்த இடத்தில் செஸ்ஸால் ஏற்படும் இழப்பு அதிகபட்சமாக 2,800 ரூபாயைத் தொடும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு, வருமானம் 12,73,950-ஐ நெருங்கும்போதுதான் 12 லட்சக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகைக்கு நீங்களும் வருவீர்கள். சம்பளக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 13,49,000. ஒரு லட்சம் சம்பள உயர்வு கிடைத்து வருமானம் 13 லட்சமானால், வரியும் செஸ்ஸும் 78,000. கையில் மிஞ்சுவது 22,000.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். உரிமையாகிவிட்ட போனஸை 'வேண்டாம்' என்று விட்டுக்கொடுத்தாலும், சம்பளம் சேர வேண்டிய நாளிலேயே அது வருமானமாகிவிட்டது என்பது சட்டத்தின் பார்வை. பணமும் போய் வரியும் வரலாம். அதைவிட நல்ல வழி, போனஸ் உறுதியாகும் முன்பே அந்த 25,000-ஐ நிறுவனத்தின் பங்களிப்பாக உங்கள் என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் செலுத்தச் சொல்வது. நிறுவனம் செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 84,000 வரை இடம் இருக்கிறது. வருமானம் 12 லட்சத்திலேயே நிற்கும், வரி பூஜ்யம். பணம் பெரும்பாலும் நீண்ட காலம் பூட்டப்பட்டிருக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் மொத்தமாக வரிக்குப் போவதைவிட அது மேல். நீங்களே கையிலிருந்து என்பிஎஸ்ஸில் கட்டினால் இந்தக் கழிவு கிடையாது. அது பழைய முறைக்கான சலுகை. நிறுவனத்தில் என்பிஎஸ் வசதியே இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் நஷ்டத்தோடு போனஸை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 12,75,000 என்பது மொத்தச் சம்பளமா, நியமன ஆணையில் போட்டிருக்கும் சிடிசியா? சிடிசி என்றால் நிறுவனம் கட்டும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் அதற்குள் இருக்கும். அவை இப்போது உங்கள் வரிக்கணக்கில் வராது என்பதால், போனஸுக்கு உங்களுக்கு இன்னும் இடம் இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது: வங்கி வட்டி. வைப்புத்தொகை வட்டியாக 18,000 வந்திருந்தால், போனஸ் இல்லாமலேயே வருமானம் 12,18,000. வரி செஸ்ஸோடு 18,720. 50,000 ரூபாய்க்குக் கீழ் வட்டி என்பதால் வங்கி டிடிஎஸ் பிடிக்காது, அலுவலகத்துக்கும் தெரியாது. கட்ட வேண்டியது 10,000-ஐத் தாண்டுவதால் முன்கூட்டி வரி கட்டாததற்கான வட்டியும் சேரும். பங்கு விற்ற லாபமும் 12 லட்சக் கணக்கில் சேரும், ஆனால் அந்த லாபத்தின் மேல் விழும் சிறப்பு விகித வரிக்கு 87ஏ தள்ளுபடி உதவாது. இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்பதால், வெளிநாட்டில் வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆனவர்களுக்கு இல்லை.

மார்ச் மாதச் சம்பளச் சீட்டையும் பிறகு படிவம் 16-ஐயும் பாருங்கள். 87ஏ தள்ளுபடி 38,750, வரி 25,000, செஸ் 1,000 என்று இருந்தால் சரி. மொத்தம் 66,300 என்று போட்டிருந்தால் சம்பளக் கணக்கு மென்பொருளில் ரிலீஃப் சேர்க்கவில்லை என்று பொருள். உடனே கணக்குப் பிரிவில் சொல்லுங்கள். அவர்கள் திருத்தாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சரியான கணக்கைக் காட்டினால், கூடுதலாகப் பிடித்த 40,300 ரூபாயை ரீஃபண்டாக வாங்கிவிடலாம்.