பச்சைக் குறி எதற்குச் சாட்சி? டிஜிட்டல் கையொப்பம் பற்றிச் சில கேள்விகள்

வில்லங்கச் சான்றைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கினேன். கையொப்பத்தின் மேல் கேள்விக்குறியும் "Signature validity is UNKNOWN" என்ற வரியும் தெரிகின்றன. போலியா ஐயா? (முதல் முறையாக மனை வாங்குபவர்)

அந்தக் குறியை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. மென்பொருள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. கோப்பு கையொப்பமிட்டபடியே இருக்கிறதா என்பது ஒன்று. கையொப்பமிட்டவரின் சான்றிதழ் நம்பத்தக்க இடத்திலிருந்து வந்ததா என்பது மற்றொன்று. இந்தியாவில் அந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் வேர், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் சிசிஏ அலுவலகத்தின் சான்றிதழ். உங்கள் கணினிக்கு அந்த வேரைத் தெரியாததால்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குறி வருகிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோப்புக்குள் இருக்கும் சான்றிதழையே "நம்புகிறேன்" என்று சொடுக்கிவிடுகிறார்கள். சார்பதிவாளர் பெயரில் ஒரு சான்றிதழைத் தானே தயாரித்துக்கொள்ள மோசடிக்காரனுக்குச் சில நிமிடங்கள் போதும். நீங்கள் சொடுக்கியதும், கையொப்பம் செல்லும் என்று காட்டும் பச்சைக் குறி அதற்கும் வந்துவிடும். வேர்ச் சான்றிதழை cca.gov.in தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

கையொப்பமிட்டதும் கோப்பு பூட்டப்பட்டுவிடும், அதன் பிறகு யாராலும் திருத்த முடியாது. சரிதானே? (கல்லூரி மாணவர்)

பாதி சரி. திருத்தலாம், திருத்தினால் தெரிந்துவிடும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கோப்பிலிருந்து கணக்கிடும் எண் கையொப்பத்தில் உள்ள எண்ணோடு பொருந்தாது. ஆனால் பிடிஎஃப் கோப்பின் கடைசியில் புதிதாக ஒட்டுவதற்கு இடம் உண்டு. இரண்டாமவர் கையொப்பமிட அது தேவைப்படுகிறது. அந்த வழியைத் திருட்டுத்தனமாகவும் பயன்படுத்தலாம். 2019இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த, பிடிஎஃப் திறக்கும் 22 கணினி மென்பொருள்களில் 21 ஏதோ ஒரு வகையில் ஏமாந்தன. பிறகு பல நிறுவனங்கள் ஓட்டையை அடைத்தன. எனவே பழைய பதிப்பில் சரிபார்க்க வேண்டாம். லினக்ஸ் வைத்திருந்தால், ec.pdf என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இட்டு இதைத் தட்டுங்கள்:

```
pdfsig ec.pdf
```

"Not total document signed" என்று வந்தால், கையொப்பத்துக்குப் பிறகு ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இரண்டாவது கையொப்பமாகவும் இருக்கலாம். என்னவென்று பார்க்காமல் விடாதீர்கள்.

வேர்ச் சான்றிதழைச் சேர்த்தேன், பச்சைக் குறி வந்துவிட்டது. இனி முன்பணம் கொடுத்துவிடலாமா? (மீண்டும் மனை வாங்குபவர்)

பொறுங்கள். இந்தச் சான்றைச் சார்பதிவாளர் அலுவலகம் வழங்கியது, வழங்கியபடியே உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பது வரைக்கும்தான் பச்சைக் குறி பேசும். நீங்கள் 2010 முதல் 2024 வரை கேட்டிருந்து, மனை 2006இல் அடமானத்துக்குப் போயிருந்தால், அந்த அடமானம் சான்றில் இருக்காது. கையொப்பமோ பழுதில்லாமல் இருக்கும். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவைத் தவறாகக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். பதிவாகாத ஒப்பந்தமும் விற்பவருடைய உடன்பிறந்தாரின் வாரிசுப் பங்கும் அதில் வராது. அவற்றுக்கு மூலப் பத்திரங்களோடு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

டிஜிட்டல் கையொப்பமிடக் கணினியில் செருகும் என் யுஎஸ்பி டோக்கன் இரண்டு ஆண்டுகளாக ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறது, கடவு எண் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. நான் பார்க்காத தீர்மானம் ஒன்றில் என் கையொப்பம் இருக்கிறது. போலி என்று நிரூபிக்க முடியுமா? (சிறு நிறுவன இயக்குநர்)

கணக்குப்படி அது போலி இல்லை அம்மா. டோக்கனுக்குள் இருக்கும் உங்கள் ரகசியத் திறவுகோல்தான் கையொப்பமிட்டிருக்கிறது. டோக்கனைச் செருகிய கை யாருடையது, அவர் படித்தாரா, நீங்கள் சம்மதித்தீர்களா என்பதெல்லாம் கோப்பில் எங்கும் பதிவாவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, திறவுகோலைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பொறுப்பை உங்கள் மீது வைக்கிறது. அது கைமாறியதைச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு உங்களுடையதே. இன்றே அவர்களுக்கு எழுதிச் சான்றிதழை ரத்து செய்யுங்கள். அந்தத் தீர்மானம் உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதைச் சாட்சியங்களைப் பார்த்து நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் வேறு ஊரில் இருந்ததற்கான டிக்கெட் போன்றவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ரத்து செய்த பிறகும், கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி அதே டோக்கனால் கையொப்பமிடலாமே? கடன் பிரிவில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

நான் சொல்லத் தவறியதைச் சொல்லிவிட்டீர்கள். கையொப்பத்தில் தெரியும் நேரம், பெரும்பாலும் அந்தக் கணினியின் கடிகாரம் காட்டிய நேரம்தான். வெளி நிறுவனம் ஒன்று தன் கையொப்பத்தோடு இட்ட நேர முத்திரை இருந்தால் மட்டுமே அதை நம்பலாம். கையொப்ப விவரத்தில் நேரம் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றிருந்தால், தேதிக்கு வேறு ஆதாரம் கேளுங்கள். இயக்குநர் அம்மா டோக்கனையும் நேரில் போய்த் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

அச்செடுத்து நோட்டரி முத்திரை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே? (பெயர் தராதவர்)

கையொப்பம் கோப்பில்தான் இருக்கிறது. தாளில் வருவது அதன் படம். பச்சைக் குறியை யாரும் வரைந்துவிடலாம். நோட்டரி அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாரா?